தையல் சான்றிதழ் வகுப்புகளை நடத்துவோருக்கு: இறுதித் தேர்வைப் பொம்மைக்கு வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம்.

சிங்கப்பூரில் ஆடை வடிவமைப்புக்கும் தையலுக்கும் சான்றிதழ் வகுப்புகளைச் சமூக மன்றங்களிலும் பயிற்சி நிலையங்களிலும் மகளிர் குழுக்கள் வழியாகவும் நடத்திவரும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். நான் யீஷூனில் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடு ஒன்றில் பல ஆண்டுகளாகச் சேலை ரவிக்கைகள் தைத்துக் கொடுத்துவருபவள். உங்கள் வகுப்புகளில் படித்துச் சான்றிதழ் பெற்று, வீட்டிலேயே சிறிய பூட்டிக் தொடங்க எண்ணும் பெண்கள் பலர் யோசனை கேட்டு என்னிடம் வருகிறார்கள். அவர்கள் தைத்த ரவிக்கைகளைத் திருத்தித் தரச் சொல்லி அவர்களுடைய வாடிக்கையாளர்களும் வருகிறார்கள். இந்த இரு தரப்பையும் ஒருசேரப் பார்ப்பதால், உங்களிடம் ஒரே ஒரு மாற்றத்தைக் கோரலாம் என்று துணிந்தேன். வீட்டிலிருந்து ரவிக்கையும் சல்வாரும் தைக்கப்போகும் மாணவிக்கு நீங்கள் வைக்கும் இறுதித் தேர்வு, பொம்மைக்கு மாட்டிய ஆடையையும் மாதிரித் துண்டுகள் ஒட்டிய கோப்பையும் மதிப்பிடுவதாக இருக்க வேண்டாம். அவருக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் உடலில் அவர் தைத்த ரவிக்கை எப்படி உட்காருகிறது என்பதையும், உட்காராதபோது அவர் என்ன செய்கிறார் என்பதையும் அது மதிப்பிட வேண்டும்.

இதை இங்குள்ள வகுப்புகளிடம் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு பெண் ஆறு மாத வகுப்பு முடித்தபின், தெருமுனைத் தையற்கடையில் ஓராண்டு கொக்கி வைத்தும் ஓரம் அடித்தும் உட்கார்ந்திருந்து, அனுபவமுள்ளவர் அளவெடுப்பதையும் திருத்துவதையும் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும். வீவக வீட்டில் நடத்தும் சிறுதொழிலுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அத்தகைய தொழிலை அவ்வீட்டில் வசிப்பவர்களே செய்ய வேண்டும். வெளியாரை வேலைக்கு அமர்த்தக் கூடாது. வீட்டுக்கு வெளியே பெயர்ப்பலகையோ விளம்பரமோ வைக்கக் கூடாது. வீட்டுப் பயன்பாட்டுக்கு உரியதல்லாத கனமான கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. அண்டை வீட்டாருக்கு இடையூறு இருக்கக் கூடாது. இவை நியாயமான விதிகள். அவற்றைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் அவற்றின் விளைவு என்னவென்றால், கைவேலை தெரிந்த என்னைப் போன்ற ஒருத்தி விரும்பினாலும் உங்கள் மாணவியைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு பழக்க முடியாது. தேக்கா நிலையத்தின் மேல்தளத்திலுள்ள தையற்கடைகளோ மிகச் சிறியவை. ஒரு தையற்பொறி, ஒரு மேசை, சுவரெங்கும் தொங்கும் துணி என்ற அளவில் இயங்கும் அவற்றில் பழகுநருக்கு நாற்காலி போட இடமில்லை. ஆகவே, ஒருவர் மேற்பார்வையில் தவறு செய்து திருத்திக்கொள்ள இந்தப் பெண்களுக்கு உள்ள ஒரே இடம் உங்கள் வகுப்பறைதான். அங்கே கிடைக்காத பழக்கம், முதல் வாடிக்கையாளரின் பட்டுத் துணியில்தான் கிடைக்கும்.

என்னிடம் திருத்தத்துக்கு வந்த ஒரு ரவிக்கையை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். தங்கையின் திருமணத்துக்காக வாங்கிய காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் ரவிக்கைத் துணியை, அண்மையில் சான்றிதழ் பெற்ற அக்கம்பக்கத்துப் பெண் ஒருவரிடம் கொடுத்துத் தைத்திருந்தார் ஒரு வாடிக்கையாளர். தையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கழுத்துப் பைப்பிங் ஒரே சீராக இருந்தது. கையோரத்தில் சரிகைக் கரை பிசகாமல் பொருந்தியிருந்தது. உள்ளே லைனிங் ஓரம் எல்லாம் சுத்தமாக முடிக்கப்பட்டிருந்தது. வகுப்பில் மதிப்பெண் போட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு கிடைத்திருக்கும். அவர் அதை அணிந்து காட்டியபோதோ தோள் இரண்டும் வெளிப்பக்கமாக நழுவின. முன்பக்கம் அக்குளை ஒட்டித் துணி மடிந்து தொய்ந்தது. அதே வேளையில் மார்பின் நடுவில் கொக்கிகள் இழுத்துக்கொண்டு நின்றன. மாலை போடுவதுபோல் கையை உயர்த்தச் சொன்னேன். ரவிக்கை முழுவதும் கையோடு சேர்ந்து மேலேறியது. "ரெண்டு தடவை கொடுத்துட்டேன்க்கா, கை இறுக்குதுன்னு சொன்னா கைக்குழியை இன்னும் வெட்டிக் குடுக்கிறாங்க, ஆனா முன்னைவிட மோசமாத்தான் இருக்கு" என்றார்.

அவர் சொன்னதில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. கை தூக்கும்போது ரவிக்கை ஏறினால், கைக்குழி சிறியதாக இருப்பதால் பிடிக்கிறது என்று புதிதாகத் தைப்பவர் நினைப்பது இயல்பு. பெரும்பாலும் உண்மை அதற்கு நேர்மாறானது. கைக்குழியின் அடிப்பகுதி அக்குளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கை தனியாகவும் உடல் தனியாகவும் அசைய முடியும். கைக்குழி கீழே இறங்க இறங்க, இடுப்பிலிருந்து அக்குள் வரையுள்ள பக்கத் தையலின் நீளமும் கையின் அடித்தையல் நீளமும் குறைகின்றன. கையை உயர்த்துவதற்கு வேண்டிய நீளம் எங்கும் இல்லாததால் முழு ரவிக்கையும் இழுபடுகிறது. இறுக்கம் என்ற புகாருக்கு மேலும் ஆழமாக வெட்டிக் கொடுத்தால் புகார் கூடுமே தவிரக் குறையாது. வெட்டிய துணியைத் திரும்ப ஒட்டவும் முடியாது. இந்த ஒன்றை வகுப்பில் ஒரு பழைய பருத்தி ரவிக்கையை வைத்து, ஒரு கையில் கைக்குழியை அரை அங்குலம் இறக்கியும் மறு கையில் இறக்காமலும் தைத்து அணிந்து பார்க்கச் செய்தால், வாழ்நாள் முழுவதும் எந்த மாணவியும் மறக்கமாட்டார்.

அந்த வாடிக்கையாளரின் அளவுகளை எடுத்தேன். அக்குளுக்குச் சற்று மேலே, மார்பு எழும்பும் இடத்துக்கு முன்பாகச் சுற்றி எடுக்கும் மேல்மார்பளவு 36 அங்குலம். முழு மார்பளவு 40 அங்குலம். இரண்டுக்கும் இடையில் நான்கு அங்குல வித்தியாசம். தைத்தவர் எடுத்திருந்தது 40 என்ற ஒரே அளவை மட்டும். அதை வைத்து, வகுப்பில் கொடுத்த அட்டவணைப்படி தோள், கழுத்து அகலம், கைக்குழி ஆழம், முதுகு எல்லாவற்றையும் பிரவுன் தாளில் வரைந்திருந்தார். வரைவு முறைகள் பலவும் கைக்குழி ஆழத்தை மார்பளவின் ஒரு பங்காகவே கணக்கிடுகின்றன. ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 40 அங்குலத்துக்கு அது ஏறத்தாழ ஆறே முக்கால். 36 அங்குலத்துக்கு ஆறு. அந்தப் பெண்ணின் எலும்புச் சட்டகம், அதாவது தோளும் முதுகும் கைக்குழியும், 40 அங்குல மார்புள்ளவருக்கு அட்டவணை ஊகிக்கும் அளவைவிடச் சிறியது. மார்பு மட்டுமே பெரியது. அட்டவணையோ மார்பு பெரிதானால் முதுகும் தோளும் சேர்ந்து பெரிதாகும் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் தோளிலும் அக்குளிலும் துணி மிஞ்சியது. மிஞ்சிய அந்தத் துணி வேண்டியிருந்த மார்பின் நடுவில் போதாமல் போயிற்று. அதே 40 அளவில் அகன்ற முதுகும் சிறிய மார்பும் உள்ள இன்னொரு பெண்ணுக்கு இதே வரைவு கச்சிதமாகப் பொருந்தியிருக்கக்கூடும்.

வெட்டும்போதே இதைத் தவிர்க்கும் வழி எளியது. மேல்மார்பளவையும் முழு மார்பளவையும் தனித்தனியே எடுக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு அங்குலமாக இருந்தால் வழக்கமான வரைவு போதும். அதைவிடக் கூடுதலாக இருந்தால், மேல்மார்பளவோடு இரண்டு சேர்த்து வரும் அளவில் தோளையும் கைக்குழியையும் முதுகையும் வரைய வேண்டும்; இந்தப் பெண்ணுக்கு அது 38. மீதமுள்ள இரண்டு அங்குலத்தை முன்பக்கத்துக்கு மட்டும், இடப்பாதிக்கு ஒன்று வலப்பாதிக்கு ஒன்று எனச் சேர்க்க வேண்டும். பிரின்சஸ் கட் என்றால் அந்த ஓர் அங்குலத்தை நடுத்துண்டின் வளைவிலும் பக்கத்துண்டின் வளைவிலும் அரை அரையாகப் பிரித்துக் கொடுக்கலாம். சாதாரண வெட்டு என்றால் டார்ட் அந்த அளவுக்கு அகலமாகும். தோளிலிருந்து மார்பு முனை வரையுள்ள நீளத்தையும் இரு முனைகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் எடுத்து, டார்ட்டின் கூர்முனை அங்கிருந்து முக்கால் அல்லது ஓர் அங்குலம் முன்னதாகவே முடியும்படி தைக்க வேண்டும். முனை வரையே தைத்தால் கூம்புபோல் துருத்தி நிற்கும். இவ்வளவுக்கும் கூடுதலாகத் தேவைப்படுவது அளவெடுக்கும்போது இரண்டு நிமிடம்.

அளவு ஜாக்கெட் கொண்டுவரும் பழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பெண்களில் மிகப் பெரும்பாலோர் நாடா போட்டு அளக்க விடுவதைவிட, நன்றாக இருக்கும் ஒரு பழைய ரவிக்கையைக் கொடுத்துவிட்டுப் போவதையே விரும்புகிறார்கள். உங்கள் பாடத்திட்டங்களில் அளவு ஜாக்கெட்டைப் படிக்கும் பயிற்சி இருப்பதை நான் கண்டதில்லை. அதைத் தட்டையாக விரித்து அளப்பதோடு வேலை முடிவதில்லை. பக்கத் தையலில் எத்தனை வரி போட்டிருக்கிறது, எந்த வரி பிரிக்கப்பட்டிருக்கிறது, கொக்கி எங்கே இழுத்துத் துணி நைந்திருக்கிறது, வியர்வைக் கறை கைக்குழியின் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தால், அந்த ரவிக்கை உடலில் எங்கே பிடித்தது, எங்கே தளர்ந்தது என்பது தெரிந்துவிடும். பட்டுத் துணிக்குப் பழைய பருத்தி ரவிக்கையின் அளவை அப்படியே எடுத்தாலும் பொருந்தாது. பலமுறை துவைத்த பருத்தி உடலுக்கேற்ப நெகிழ்ந்திருக்கும், லைனிங் போட்ட புதுப் பட்டு நெகிழாது. ஆகவே, அளவு ஜாக்கெட் கொடுத்தாலும் வாடிக்கையாளரை அதை அணிந்து காட்டச் சொல்லி, எது பிடித்திருக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ள மாணவிக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இனி, என் கோரிக்கையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். பட்டில் ஒருமுறை போட்ட தையலைப் பிரித்தால் ஊசித் துளைகள் தெரியும். சேலையோடு வரும் ரவிக்கைத் துணி 80 செ.மீ. முதல் ஒரு மீட்டர்தான். கெட்டுப்போனால் அதே நிறத்தில், அதே கரையில் வேறு துணி எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனவே, சரிபார்ப்பது பட்டை வெட்டுவதற்கு முன்பே நடந்தாக வேண்டும். நான் செய்வது இதுதான். லைனிங் துணியை முதல் நாளே நனைத்துக் காயவைத்துத் தேய்த்துக்கொள்கிறேன். நனைக்காத பருத்தி லைனிங் முதல் துவைப்பில் சுருங்கிப் பட்டை உள்ளுக்கு இழுத்துச் சுருக்கம் விழச் செய்யும். தீபாவளிக்கு முந்திய மழை நாள்களில் வீவக வீட்டு மூங்கிற்கழியில் எதுவும் காய்வதில்லை என்பதால், பருவத்துக்கு வேண்டிய லைனிங்கை நிறவாரியாக ஆகஸ்டு மாதத்திலேயே நனைத்து மடித்து வைத்துவிடுவது என் வழக்கம். பிறகு லைனிங்கை மட்டும் வெட்டி, தையல் நீளத்தை 4 அல்லது 5 என்று பெரிதாக வைத்து, கையும் ஒன்று சேர்த்து, ஓட்டுத் தையலில் இணைக்கிறேன். வாடிக்கையாளர் வந்து அதை அணிந்து பார்க்கிறார். கையை உயர்த்தச் சொல்கிறேன், உட்காரச் சொல்கிறேன், முந்தானையை ஏற்றிவிடுவதுபோல் தோளைத் திருப்பச் சொல்கிறேன். குண்டூசியால் குறித்துக்கொண்டு, பின்பு அந்த லைனிங்கைப் பிரித்துத் திருத்தி, அதையே மாதிரியாக வைத்துப் பட்டை வெட்டுகிறேன். பக்கத் தையலில் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டு மூன்று வரி போடுகிறேன்; உடல் கூடினால் அடுத்த ஆண்டு அவரே ஒரு வரியைப் பிரித்துக்கொள்ளலாம்.

இதற்கு நேரம் எங்கே என்று உங்கள் பயிற்றுநர்கள் கேட்கக்கூடும், மாணவிகளும் கேட்கிறார்கள். லைனிங் ரவிக்கைக்கு 40 வெள்ளி கூலி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். லைனிங், கொக்கி, நூல், பைப்பிங் கயிறு என்று நான்கு வெள்ளி போனால் கையில் நிற்பது 36. புதிதாகத் தைப்பவருக்கு வெட்டித் தைத்து முடிக்க நான்கு மணி நேரம் என்றால், மணிக்கு ஒன்பது வெள்ளி. அணிந்து பார்க்கும் சுற்றுக்கு ஒரு மணி நேரம் கூடினால் மணிக்கு ஏழு வெள்ளி சொச்சம். அதைத் தவிர்த்து நேரடியாகத் தைத்து, பொருந்தாமல் திரும்பி வந்து, கையைப் பிரித்துத் தோளைத் திருத்தி மீண்டும் வைக்க மூன்று மணி நேரம் ஆனால், ஏழு மணி நேரத்துக்கு 36 வெள்ளி. மணிக்கு ஐந்து வெள்ளி சொச்சம்தான். நான் சொன்ன அந்தக் காஞ்சிபுரம் ரவிக்கையில் எனக்கு ஆன வேலையும் இதுவே. கைகளைக் கழற்றி, தோளில் அரை அங்குலம் பிடித்து, கைக்குழியின் அடியை அந்த அளவுக்கு மேலேற்றி, முன்பக்கத்தின் பக்கத் தையலில் மட்டும் உள்ளே விட்டிருந்த துணியைத் திறந்து, முதுகுப் பக்கத்தில் அதே அளவு பிடித்து, கழுத்தைத் திரும்ப வெட்டிப் பைப்பிங் வைத்தேன். உள்ளே துணி விட்டிருந்ததால்தான் அதுவும் முடிந்தது. அந்தப் பயிற்சியைக் கொடுத்த ஆசிரியருக்கு என் நன்றி. இருந்தாலும் தோளின் பழைய தையல் வரியில் துளைகள் இன்றும் தெரிகின்றன. அந்த வாடிக்கையாளர் முதலில் தைத்தவரிடம் திரும்பிப் போகவில்லை. தைத்தவருக்கு இதில் பெரிய இழப்பு அதுதான். அந்தக் குடும்பத்தில் தங்கை, நாத்தனார், மாமியார் என்று நான்கைந்து பேர் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள்.

வாடிக்கையாளர் எப்படி வருகிறார் என்பதைப் பற்றி உங்கள் வகுப்புகளின் கடைசி வாரத்தில் சொல்லப்படுபவை, பூட்டிக்கின் பெயர், சின்னம், சமூக ஊடகப் படங்கள், தொடக்கச் சலுகை ஆகியவை. அவை கெடுதலானவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதவில் பலகை வைக்க முடியாத ஒரு தொழிலுக்கு, அடுக்குமாடியில் மின்தூக்கிக்காகக் காத்திருக்கும்போது ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும் ஒரு வார்த்தைதான் வழி. அந்த வார்த்தை பட்டு ரவிக்கையில் தொடங்குவதில்லை. அறிமுகமில்லாதவரிடம் திருமணப் பட்டைக் கொடுக்க யாரும் துணிவதில்லை. முதலில் அவர் கொண்டுவருவது, லிட்டில் இந்தியாவில் வாங்கிய ஆயத்தச் சுடிதாரின் உள்ளே தனியாகத் தைத்து வைத்திருக்கும் கைத்துண்டுகளைப் பொருத்தித் தரும் வேலை. சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிப்பது. இளைத்துவிட்டதால் பழைய ரவிக்கையைப் பிடிப்பது. பிள்ளையின் பள்ளிச் சீருடைக் காற்சட்டையை மடித்துத் தைப்பது. ஐந்து வெள்ளி, எட்டு வெள்ளி வேலைகள். "நான் ஃபேஷன் டிசைனிங் படிச்சவ, ஆல்டரேஷன் எடுக்கிறதில்ல" என்று சான்றிதழ் பெற்ற ஒரு பெண் என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வாறு சொல்லிக்கொடுத்த வகுப்பின் மேல்தான் வருத்தம் வந்தது. கையைப் பொருத்திய சுடிதார் நேராக உட்கார்ந்து, சொன்ன நாளில் கைக்கு வந்தால், மறுமாதம் அவரே ஒரு பருத்தி ரவிக்கை கொண்டுவருவார். அது சரியாக இருந்தால் பட்டு வரும். இந்த வரிசையைத் தாண்டி வந்த வாடிக்கையாளர்கள் என் அனுபவத்தில் மிகச் சிலரே. பிரித்துத் திருத்தும் வேலைக்கு இன்னொரு பயனும் உண்டு: மற்ற தையற்காரர்கள் எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்பதைத் துணியின் உட்புறத்திலிருந்து காசு கொடுக்காமல் கற்றுக்கொள்ளலாம். மேலே சொன்னதுபோல் பழகுநராக உட்கார இடமில்லாத இவ்வூரில், அதற்கு மாற்று இதுதான்.

கூலியில் நாம் இந்தியாவோடு போட்டியிட முடியாது என்பதையும் மாணவிகளுக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். விடுமுறைக்குத் திருச்சிக்கோ சென்னைக்கோ போகும் குடும்பம் பத்து ரவிக்கைகளை அங்கேயே தைத்துக் கொண்டுவந்துவிடுகிறது. அவற்றில் பொருந்தாதவற்றைத் திருத்த அங்கே திரும்பிப் போக முடியாது. அவசரத்துக்கு ஒன்று வேண்டுமென்றாலும் அங்கிருந்து வராது. இங்கே தைப்பவரிடம் மக்கள் கூடுதல் கூலி கொடுத்து வாங்குவது, அணிந்து பார்த்துத் திருத்திக்கொள்ளும் வசதியையும் சொன்ன தேதியையுமே. ஆகவே, அலுவலகம் முடிந்து இரவு எட்டரை மணிக்கு வருபவரையும் வரவேற்று, கதவு தாழிட்ட ஓர் அறையில், ஆள் உயரக் கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் வைத்து, வீட்டு ஆண்கள் கூடத்தில் இருந்தாலும் அவர் கூச்சமின்றி அணிந்து பார்க்க ஏற்பாடு செய்வது தொழிலின் பகுதி. தேதியைப் பொறுத்தவரை, தீபாவளிக்கு வாங்கும் வேலைக்கு ஒரு கடைசி நாளை முன்கூட்டியே அறிவித்து, அதன்பின் நெருங்கிய உறவினர் கேட்டாலும் மறுக்கும் திடம் வேண்டும். வாரத்துக்கு எத்தனை ரவிக்கை தன் கையால் முடியும் என்று வகுப்பிலேயே மாணவி நேரம் குறித்து அறிந்துகொண்டால் அந்த நாளைக் கணக்கிடுவது எளிது. வகுப்பில் அதிவேகத் தொழிற்சாலைப் பொறியில் பழகிவிட்டு வீட்டில் சாதாரணப் பொறியில் தைக்கும்போது வேகம் பாதியாகக்கூடும் என்பதால், நேரம் குறிக்கும் அந்தப் பயிற்சியாவது வீட்டுப் பொறியில் நடக்கட்டும்.

இடையில் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வகுப்புகளில் சேரும் தமிழ்ப் பெண்களில் பலர் கணவரின் வேலை காரணமாகச் சார்ந்திருப்போர் அட்டையில் இங்கே வந்தவர்கள். பயிற்சிக் கட்டணத்துக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை குடிமக்களுக்கே உரியது என்பதால் கட்டணத்தைக் கைப்பணத்தில் கட்டிப் படிக்கிறார்கள். அவர்கள் சொந்தமாகத் தொழில் நடத்த மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும். 2021 மே முதல் அதற்கு உள்ளூர்வாசி ஒருவரை வேலைக்கு அமர்த்துவதும் நிபந்தனையாகியிருக்கிறது. வீவக வீட்டுத் தொழிலிலோ வெளியாரை அமர்த்த அனுமதியில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வீட்டு பூட்டிக் என்பது அவர்களில் பெரும்பாலோருக்கு நடைமுறையில் திறக்காத கதவு. கட்டணம் வாங்குவதற்கு முன்பே இதைச் சொல்வது உங்கள் கடமை என்று கருதுகிறேன். குடிமக்களுக்கும் ஒரு சொல்: சொந்த முழுப்பெயரில் தொழில் செய்பவர் தொழில்களைப் பதியும் ஆணையமான அக்ராவில் பதிய வேண்டியதில்லை, பூட்டிக்குக்குத் தனிப்பெயர் சூட்டினால் பதிய வேண்டும். பெயர் தேர்ந்தெடுக்கும் பயிற்சியை முதல் வாரத்திலேயே கொடுக்கும் வகுப்புகள் இதையும் அன்றே சொல்லலாம்.

இப்போது தேர்வுக்கு வருகிறேன். மாணவியோடு உறவோ நட்போ இல்லாத மூன்று பெண்களை அழையுங்கள். மூவரின் முழு மார்பளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். உடல்வாகு வெவ்வேறாக இருக்கட்டும். ஒருவர் அகன்ற தோளுள்ளவர், ஒருவர் மேல்மார்பு சிறுத்தவர், ஒருவர் ஒரு தோள் சற்றுத் தாழ்ந்தவர் என்றால் மிக நன்று. மூவரையும் மாணவியே அளக்கட்டும். ஒருவருக்கு லைனிங் ரவிக்கையை ஓட்டுத் தையலில் இணைத்து அணிவித்து, குறித்து, திருத்தி முடிக்கட்டும். மற்ற இருவருக்கும் வரைவு மட்டும் போடட்டும். மூன்று வரைவுகளும் ஒன்றுபோல் இருந்தால், அவர் உடலைப் பார்க்கவில்லை, அட்டவணையைப் பார்த்திருக்கிறார் என்பது தேர்வாளருக்கு உடனே விளங்கிவிடும். அதோடு, வேறொருவர் தவறாகத் தைத்த ஒரு ரவிக்கையைக் கொடுத்து, தொடுவதற்கு முன்பு எங்கே என்ன குறை, எதைத் திருத்த முடியும், எதைத் திருத்த முடியாது, எவ்வளவு கூலி, எப்போது கிடைக்கும் என்பதை அணிந்திருப்பவரிடம் அவர் வாயால் சொல்லச் செய்யுங்கள். முடியாததை முடியாது என்று சொல்பவருக்கு மதிப்பெண் கொடுங்கள்.

இதற்கு நேரம் ஒதுக்க எதைக் குறைப்பது என்று கேட்டால், ஆடை வரைபடக் கோப்பையும் நிறச்சக்கரப் பாடத்தையும் குறையுங்கள் என்பேன். ஆடைத் தொழிலில் வேலைக்குச் செல்பவருக்கு அவை தேவைப்படும்; வீட்டில் ரவிக்கை தைப்பவரிடம் வாடிக்கையாளர் தம் கைப்பேசியில் சேமித்து வைத்த கழுத்து மாதிரியைக் காட்டி அதைத்தான் கேட்கிறார். அந்தப் படத்திலுள்ள ஆழமான பின்கழுத்து, தோள் சரிந்த தம் உடலில் நாடா கட்டாமல் நிற்காது என்று அவருக்கு எடுத்துச் சொல்லத் தெரிவதுதான் அங்கே வடிவமைப்பு.

தேர்வுக்கு அளவு கொடுக்க முன்வரும் பெண்களைக் கண்டுபிடிப்பது கடினம் என்று ஒரு பயிற்றுநர் என்னிடம் சொல்லியிருக்கிறார். என் வாடிக்கையாளர்களில் ஆறேழு பேர், தங்களுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு பருத்தி ரவிக்கை கிடைக்கும் என்றால், சனிக்கிழமை பிற்பகல்களில் வர இசைந்திருக்கிறார்கள். பொருந்தாமல் போன ரவிக்கைகள் சிலவற்றையும், உரியவர்கள் வேண்டாம் என்று விட்டுச்சென்றவை, ஒரு பையில் வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்க்கும் பயிற்சிக்கு அவற்றைத் தருகிறேன். அடுத்த தொகுதி மாணவிகளின் தேர்வு அட்டவணை முடிவாவதற்கு முன்பு உங்களில் எவரேனும் அழைத்தால், நேரில் வந்து விளக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
யீஷூனில் ரவிக்கை தைக்கும் ஒருவர்